போன தடவை கேட்ட டியூப்: மருந்துக்கடைக் கேள்வி பதில்

பாம்பன் பக்கம் மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் படர்தாமரையும் அதற்குப் போட்ட டியூபும்தான் என்பதால் இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தங்கச்சிமடம், விசைப்படகுத் தம்பி: அண்ணே, தொடை இடுக்கில் அரிப்பு. போன வருஷம் கடையில் கொடுத்த டியூப் மூணே நாளில் கேட்டுச்சு. இப்ப அதையே கேட்டா டாக்டர் சீட்டு கொண்டு வான்னு அனுப்புறாங்க. வேலை செஞ்ச மருந்தைத் தர என்ன தடை?

தம்பி, போன வாரம் என் கடைக்கு வந்த ஒருவரோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், உங்கள் கதையும் இதுதானா என்று பாருங்கள்.

“அண்ணே, போன தடவை வாங்குன அந்த டியூப் ஒண்ணு.”

“எந்த டியூப்?”

“மஞ்ச அட்டை. நாலு மருந்து கலந்தது.”

“எத்தனை நாள் போட்டீங்க?”

“மூணு நாள். அரிப்பு நின்னுச்சு, எடுத்து வச்சிட்டேன்.”

“திரும்ப எப்ப வந்துச்சு?”

“ஒரு பத்து நாள்ல. மிச்சத்தைப் போட்டேன், அடங்கிருச்சு. அப்புறம் திரும்ப வந்துச்சு.”

“இதுவரைக்கும் எத்தனை டியூப்?”

விரலை மடக்கி எண்ணினார். “ஏழு இருக்கும்ணே.”

“முதல்ல எவ்வளவு இடத்துல இருந்துச்சு?”

“ஒரு ரூபா காசு அளவு.”

“இப்ப?”

பதில் சொல்லாமல் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கைலி கட்டும் இடத்தில் இடுப்பைச் சுற்றி கறுத்த பட்டை, அதன் ஓரத்தில் வட்டத்துக்குள் வட்டமாக இன்னொரு சிவந்த வளையம்.

அந்த நாலு மருந்தில் ஒன்று பூஞ்சையைக் கொல்வது. இன்னொன்று குளோபெட்டசால், மேலே பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகை. மூன்று நாளில் அரிப்பை நிறுத்தியது அந்த ஸ்டீராய்டுதான். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும், பூஞ்சை இருந்த இடத்திலேயே இருக்கும். பூஞ்சையைக் கொல்லும் மருந்துக்கோ வாரக்கணக்கில் வேலை இருக்கிறது, நீங்கள் மூன்றாம் நாளே மூடி போட்டு வைத்துவிட்டீர்கள். எதிர்க்க ஆள் இல்லாத தோலில் அது சத்தமில்லாமல் பரவுகிறது. அதனால்தான் காசு அளவில் இருந்தது ஏழு டியூபுக்குப் பிறகு இடுப்பைச் சுற்றி வந்து நிற்கிறது. வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தாலோ, ஓரம் மங்கிப்போய் இன்னதென்று சொல்ல முடியாத படையாக இருந்தாலோ, ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை என்று பெரும்பாலும் பார்த்தவுடனேயே சந்தேகப்படலாம்.

தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை மற்ற இடத்தைவிட அதிகமாக இழுக்கும். மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு அங்கே பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாக விழும். பூஞ்சை போனாலும் அந்தக் கோடு போவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. 2018-ல் மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். சீட்டு கேட்டு அனுப்பிய கடைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார், தம்பி.

மண்டபம், பாசி எடுக்கப் போகும் அக்கா: ஸ்டீராய்டு இல்லாத க்ரீம்தான் டாக்டர் எழுதினாங்க. ஒரு டியூப் முடிஞ்சும் போகல. பழைய டியூப்பே தேவலைன்னு தோணுது.

அக்கா, ஒரு டியூப் எத்தனை நாளில் முடிந்தது என்று எழுதவில்லையே. கணக்கைப் பார்ப்போம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை க்ரீமை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது நம் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவில் இரண்டு கை இடத்துக்குப் போதும். இரண்டு தொடை இடுக்கும் பின்புறமும் சேர்ந்து எட்டுக் கை இடம் என்றால் ஒரு தடவைக்கு 2 கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் க்ரீமாக இருந்தால் 15 கிராம் டியூப் ஒரு வாரம் வரும். இரண்டு வேளை போடுவதானால் நாலு நாள்கூட வராது.

உங்கள் ஒரு டியூப் ஒரு மாதம் வந்திருந்தால், படை தெரிகிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்திருக்கிறீர்கள். ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை நல்ல தோலிலும் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை வெளிப்பக்கமாகத்தான் நகர்கிறது. படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். ஸ்டீராய்டு இல்லாத மருந்தில் முதல் வாரம் அரிப்பு அவ்வளவு சீக்கிரம் குறையாது, ‘பழையதே தேவலை’ என்று எல்லோருக்கும் தோன்றுவது அந்த வாரத்தில்தான். அரிப்பு தூங்கவிடாமல் செய்தால் அதற்கு மட்டும் தனி மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், பாசிக்குப் போகிறவர்கள் பேன்ட், முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறீர்கள். கரையேறினதும் அந்த ஈரத்துணியோடு மீன் வாங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து சோறு வடித்த பிறகு மாற்றினால் க்ரீம் என்ன செய்யும்? ஒரு உலர்ந்த பாவாடையும் துண்டும் பையில் போட்டுக் கரையிலேயே வையுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்புகளைத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் மருந்து.

ஏர்வாடி: போன மாசம் சொறி பட்டு கையெல்லாம் தடிச்சப்ப நீங்க சொல்ற மாதிரி டியூப்தான் கொடுத்தாங்க, நல்லா கேட்டுச்சு. நீங்க அது கெடுதல்னு எழுதுறீங்க?

நீங்கள் சொல்வது கடலில் இருக்கும் சொறிமீன், நான் எழுதுவது படர்தாமரை. அரிப்பு இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம் எங்கள் கடையிலும் தினமும் நடக்கிறது. சொறிமீன் பட்ட இடத்தில் வளரும் கிருமி எதுவும் கிடையாது, விஷம் பட்டுத் தோல் கோபித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தடிப்பை ஸ்டீராய்டு அடக்குவது நியாயமான வேலை, சில நாளில் நிறுத்திவிடுவீர்கள். ஆனால் அதற்கும் நாலு மருந்துக் கலவை தேவையில்லை. வீட்டில் மீதி டியூப் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது அலமாரியில் இருந்தால் அடுத்த அரிப்புக்கு, யாருடைய அரிப்பாக இருந்தாலும், அதுதான் கைக்கு வரும். சொறி பட்டவுடன் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கீழக்கரை: காக்கா, ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு இப்பத்தான் புரியுது. என் மகளுக்குக் கரப்பானுக்கு டாக்டர் எழுதின ஆயின்மென்ட்லயும் அது இருக்காம். நேத்தே நிறுத்திட்டேன்.

லாத்தா, இன்றைக்கே அந்த டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். டியூபில் பெயரைத் தேடிப் பார்த்தது நல்லது. பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று சோன், சால் என முடிகிற பெயர்கள் பலவும் இந்த வகை. ஆனால் கிளோட்ரிமசோல், கெட்டோகொனசோல் என்று ‘சோல்’ என முடிவது பூஞ்சை மருந்து. ஒரு எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் மாறிப் படித்துவிடுவோம். கரப்பானில் பூஞ்சை கிடையாது, தோலின் வீக்கம்தான் நோயே. எந்த வீரியம், எத்தனை நாள் என்று அளந்து அவர் எழுதியிருப்பார். நாம் பயந்து பாதியில் விட்டால் பிள்ளை சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள்.

தொண்டி, மருந்துக்கடை ஊழியர்: நான் தர மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போய் வாங்குறார். முதலாளி என்னைத் திட்டுறார். என்ன சொல்லி நிறுத்துறது?

எல்லோரையும் நிறுத்த முடியாது, எனக்கும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் நிச்சயம் போய்விடுவார். ‘எத்தனை டியூப் ஆச்சு, முதல்ல எவ்வளவு இருந்துச்சு’ என்ற இரண்டு கேள்வியையும் கேட்டால் பாதிப் பேர் அவர்களாகவே யோசிக்கிறார்கள். மஞ்சள் அட்டை கேட்டு வந்தவர் அப்படித்தான் நின்றார். சின்னப் படையாக, முதல் தடவையாக இருந்தால் பூஞ்சைக்கு மட்டுமான கிளோட்ரிமசோல் கொடுத்து, எத்தனை வாரம், எவ்வளவு என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள். இடுப்பு வரை வந்தது, முகத்தில் வந்தது, பிள்ளைகளுக்கு வந்தது, சர்க்கரை உள்ளவருக்கு வந்தது என்றால் க்ரீமோடு முடியாது, டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். உங்கள் முதலாளியிடம் என்ன சொல்வது என்று எனக்கு வழி தெரியவில்லை. நல்ல க்ரீம் நாலு டியூப் விற்கும் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

ராமேஸ்வரம்: டாக்டர் கொடுத்த இட்ராகொனசோல் காப்ஸ்யூலை ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிட்டேன், க்ரீமும் போட்டேன். தடைக்காலத்துல போயிருச்சு, கடலுக்குப் போனதும் வந்துருச்சு. மருந்தே இப்ப வேலை செய்யறதில்லையா?

அப்படியும் இருக்கலாம். இந்தியாவில் இப்போது பரவும் பூஞ்சையில் ஒரு வகை டெர்பினாஃபின் என்ற மருந்துக்குப் பல நேரங்களில் அசைவதில்லை, அதற்குப் பேரே ‘இண்டோட்டினியே’ என்று நம் நாட்டை வைத்து வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் சாப்பிட்டது வேறு மருந்து, அதனால் முதலில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் உண்டா? இந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிட்டால் மருந்து பாதிகூட ஏறாமல் போகலாம். சாதாரணக் காப்ஸ்யூலைச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு போட வேண்டும், டீயோடு அல்ல. இதய பலவீனம் இருந்தாலோ, கொழுப்பு மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும், சிலவற்றோடு இது சேராது.

இரண்டாவது, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு இருக்கிறது? மனைவி வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்ததை நாலு மாதம் கழித்துத் தெரிந்துகொண்ட குடும்பம் எனக்குத் தெரியும். படகில் ஒரே துண்டை மூன்று பேர் துடைக்கிறீர்கள் என்றால் அங்கேயும் ஆள் இருக்கிறது. தடைக்காலத்தில் போனது காப்ஸ்யூலாலா, இரண்டு மாதம் ஈரத்துணி இல்லாமல் இருந்ததாலா என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. அடுத்த தடவை டாக்டரிடம் படையின் ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது இதுவரை போட்ட எல்லா டியூபையும், காலி டியூபாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.