செயலி நிலைத்தது, சுட்டி ஏன் நிலைக்கவில்லை?

"கணினிக்குத் தமிழ்ச் சொற்களை எப்படி உருவாக்குகிறார்கள்? சில மட்டும் ஏன் நிலைக்கின்றன?"

நம்மிடம் பழைய அச்சு ஒன்று இருக்கிறது. வெட்டு என்ற வினையோடு 'இ' சேர்ந்தால் மண்வெட்டி, தாங்கு என்பதோடு சேர்ந்தால் இடிதாங்கி. அதே அச்சில் உலாவு பிரவுசருக்கு உலாவி ஆனது, சுட்டு மவுஸுக்குச் சுட்டி ஆனது. செயல் என்ற பெயர்ச்சொல்லோடும் 'இ' சேர்த்து 'ஆப்'பைச் செயலி என்றார்கள்.

அச்சு ஒன்றுதான், ஆனால் கதி வேறு. வேலூரில் கணினிக் கடைக்குப் போய் "சுட்டி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் விழிப்பார். பொருள் வரும்போதே மவுஸ் என்ற பெயரும் வந்துவிட்டது. தவிர, நம் வீடுகளில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை.

செயலிக்கும் சிக்கல் உண்டு. நுண்செயலி என்பதில் அதே சொல் ப்ராசஸரைக் குறிக்கிறது. அப்படியும் அது நிலைத்தது. 2020-ல் ஆரோக்கிய சேது செயலி என்று செய்திகளில் ஓயாமல் வந்தது. அப்புறம் காட்பாடி மொபைல் கடையில் ஒரு பெரியவர், "தம்பி, அந்தச் செயலிய ஏத்திக் குடுப்பா" என்று கேட்டதை நானே கேட்டேன். பேச்சில் இன்னும் 'ஆப்'தான் அதிகம். எழுத்தில் செயலி வென்றுவிட்டது என்பேன்.