முக்கால்வாசி தமிழாவே போயிடுது, ஜெர்மன் பார்ட்னருக்கு என்னன்னு லெட்டர் எழுதறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், வயசு 38. ஜெர்மன் பி1 லெவல் முடிச்சு அடுத்த லெவல் பி2க்கு படிக்கறேன். ஜெர்மனில இருக்கற ஒரு அம்மா ஆன்லைன்ல, ஆளுக்கு ஆள் மொழி பேசிப் பழகிக்கற பார்ட்னரா கிடைச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் மாயவரத்துக்காரர், மாமியார்கிட்ட தமிழ்ல பேசணும்னு அவங்களுக்கு ஆசை. ஒரு மணி நேரம் பேசினா முக்கால்வாசி தமிழாவே போயிடுது, நான் ஜெர்மன்ல தப்பா பேசினாலும் திருத்தறதே இல்ல. மனசு நோகாம ஒரு லெட்டர் எழுதணும், என்ன எழுதலாம்?

பதில்: சிஸ்டர், லெட்டருக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவ அவங்ககிட்ட கேட்டுட்டு பேச்ச ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் ஜெர்மன் பகுதிய மட்டும் போட்டு கேளுங்க. ஏன் சொல்றேன்னா அவங்க திருத்திட்டுதான் இருப்பாங்க, உங்களுக்குத்தான் காதுல விழல, இது நான் பாத்த ஜோடிகள்ல முக்காவாசி பேருக்கு நடக்கறது. நீங்க "வைல் இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்"னு சொல்றீங்க, நேரமில்லாததாலன்னு அர்த்தத்துல. அவங்க சிரிச்சிக்கிட்டே "ஆ, வைல் டூ கைனெ ட்ஸைட் ஹாஸ்ட்"ங்கறாங்க. வினைச்சொல்ல கடைசில கொண்டுபோய் வெச்சு சரியா சொல்லி காட்டிட்டாங்க, நீங்களோ அத பதிலா எடுத்துக்கிட்டு "யா யா"ன்னு அடுத்த கதைக்கு போயிட்டீங்க. கனடால பிரெஞ்சு வழி பள்ளி வகுப்புகள்ல லிஸ்டர், ராண்டான்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணி 1997ல எழுதினது இதத்தான், டீச்சருங்க அதிகமா பண்ற திருத்தம் இந்த மாதிரி சரியா திருப்பி சொல்றது, ஆனா பசங்க கண்டுக்கிட்டு தானா சரி பண்ணிக்கிறது அதுலதான் ரொம்ப கம்மி. அது சின்ன பசங்க வகுப்புதான், ஆனாலும் பெரியவங்க போன்ல பேசறப்பவும் இதே கதைதான். அதனால "நீங்க திருத்தறதில்ல"ன்னு குத்தமா எழுதாதீங்க, "எப்படி திருத்தினா எனக்கு புரியும்"னு எழுதுங்க.

அடுத்தது இன்னும் முக்கியம், பெரும்பாலும் யாரும் பேசிக்காத விஷயம். திருத்தம்னா எந்த மொழிக்கு திருத்தறது? "வைல்" வந்தா வினை கடைசிலன்னு புஸ்தகம் சொல்லுது, ஆனா ஜெர்மன்காரங்களே வீட்ல பேசறப்ப அத நடுவுல வெச்சு பேசறது சகஜம். அப்ப அவங்க காதுக்கு உங்க தப்பு தப்பாவே படாம போகலாம், பரீட்சைல மட்டும் மார்க் போயிடும். நர்ஸ் வேலைக்கு அங்க பொதுவா பி2 கேக்கறதால உங்களுக்கு வேண்டியது பரீட்சை ஜெர்மன். அவங்களுக்கு வேண்டியது நேர் எதிர். மாமியார் கூட திண்ணைல உக்காந்து பேசற தமிழ். அவங்க "வந்துக்கிட்டிருக்கேன்"னு அழகா சொன்னா அத "வந்து கொண்டிருக்கிறேன்"னு மாத்தி குடுத்துடாதீங்க, மாயவரத்துல அந்த மாமியார் சிரிச்சிடுவாங்க. படிச்சவங்க நிறைய பேர் வெளிநாட்டுக்காரங்கள பாத்தா உடனே மேடைத் தமிழுக்கு போயிடறோம், அது உதவி இல்ல. ஆக உங்களுக்கு எழுத்து மொழிக்கு பக்கமான திருத்தம், அவங்களுக்கு பேச்சு மொழி திருத்தம். லெட்டர்ல இத வெளிப்படையா எழுதணும்.

நேரத்துக்கு வருவோம். 60 நிமிஷத்துல 25 ஜெர்மன், 25 தமிழ், மீதி 10ல ஆளுக்கு 5 நிமிஷம் திருத்தம். போன்ல அலாரம் வெச்சு அடிச்சதும் பாதி வாக்கியத்துலகூட மொழி மாறணும், கதை முடியட்டும்னு விட்டீங்கன்னா அங்கதான் உங்க ஜெர்மன் கரையுது. எந்த மொழி முதல்லன்னு வாரம் மாத்தி மாத்தி வரணும், பின்னாடி வர்ற மொழிக்கு எப்பவும் களைச்சுப்போன மூளைதான் கிடைக்கும். வேற ஒரு சிக்கல், ஜெர்மனில மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்த மாத்துவாங்க. கோடைல நாம 3.30 மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல 4.30. நம்ம ராத்திரி 8.30 அவங்களுக்கு கோடைல சாயங்காலம் 5, குளிர்காலத்துல 4, அப்ப அவங்க ஆபீஸ்ல இருப்பாங்க. அதனால அவங்க 5 மணிய நிலையா வெச்சு நீங்க குளிர்காலத்துல 9.30க்கு மாறிக்கிறது நல்லது. உங்களுக்கு 2–8 ஷிஃப்ட் வர்ற வாரம் அது நடக்காது, பஸ் ஏறி வீடு வந்து சேரவே நேரமாயிடும். அந்த வாரம் ஞாயித்துக்கிழமை பகல்னு இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

லெட்டர் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள தோழிக்கு, உங்களோட பேசறது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, விடாம தொடரணும்னு ஆசை. அதுக்காக ஒரு யோசனை. வாரம் ஒரு தடவ, உங்க நேரம் 5 மணி. எனக்கு மதிய ஷிஃப்ட் வர்ற வாரம் மட்டும் ஞாயிறு, உங்க நேரம் காலை 8. டூட்டி சார்ட் வந்ததும் மாசம் பூராவுக்கும் தேதி அனுப்பிடறேன். 25 நிமிஷம் ஜெர்மன், 25 நிமிஷம் தமிழ், கடைசில 10 நிமிஷம் திருத்தம். முதல் வாரம் ஜெர்மன் முதல்ல, அடுத்த வாரம் தமிழ் முதல்ல.

நான் பேசறப்ப நிறுத்த வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்த மட்டும் கவனிங்க, இப்ப அது 'வைல்', 'தாஸ்' மாதிரி இணைப்புச் சொல்லுக்கு அப்புறம் வினை எங்க வருதுன்னு. வீட்ல நீங்க வேற மாதிரி பேசினாலும் எனக்கு பரீட்சைக்கு புஸ்தக முறைதான் வேணும். தப்பு வந்தா விரல தூக்குங்க, நானே சரியா சொல்லிப் பாக்கறேன், வரலன்னா நீங்க சொல்லுங்க. மத்த தப்பெல்லாம் எழுதி வெச்சு கடைசில அஞ்சுக்கு மேல போகாம சொல்லுங்க. நானும் உங்களுக்கு அதே அஞ்சு. உங்க தமிழ வீட்ல பேசற தமிழுக்குத்தான் திருத்துவேன். முதல் ரெண்டு வாரம் 'எனக்கு பசிக்குது'ன்னு வர வேண்டிய இடத்துல 'நான் பசிக்குது'ன்னு வருதான்னு பாக்கறேன். அத்தைய 'நீ'ன்னு சொன்னா மட்டும் உடனே நிறுத்திடுவேன், கோவிச்சுக்காதீங்க. நாலு வாரம் இப்படி பாத்துட்டு, சரிப்படலன்னா மாத்திக்கலாமா?"

அந்த "நீ" விஷயம் சும்மா போடல. ஜெர்மன்ல குடும்பத்துக்குள்ள மாமியாரயும் "டூ"ன்னுதான் கூப்பிடுவாங்க, அந்தப் பழக்கத்துல அவங்க தமிழ்லயும் "நீ வா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, கடைசி 5 நிமிஷம் வரைக்கும் பொறுத்திருக்கற தப்பு இல்ல அது.

இந்த லெட்டர பாதி ஜெர்மன்ல நீங்களே எழுதுங்க, மீதிய தமிழ்ல விடுங்க, அவங்க படிக்க தடுமாறினா வாய்ஸ் மெசேஜா சொல்லிடுங்க. ஜெர்மன் பாதில வினை இடத்த மட்டும் திருத்தி அனுப்ப சொன்னா முதல் பயிற்சி அங்கயே ஆரம்பிச்சாச்சு. ஏன் இது தப்புன்னு இலக்கண காரணம் மட்டும் கேக்காதீங்க. "எனக்கு பசிக்குது"ல ஏன் "எனக்கு"ன்னு அவங்க கேட்டா உங்களால சொல்ல முடியாதில்ல, அவங்களுக்கும் அப்படித்தான். காரணம் கேக்க உங்க கிளாஸ் டீச்சர் இருக்காங்க.

ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா போச்சு, அடுத்த வாரத்துல சேத்து கணக்கு பாக்காதீங்க, பாக்கி நிமிஷம் எண்ண ஆரம்பிச்ச ஜோடி நிலைக்கறதில்ல. ஒரு மணி நேரம் ஜாஸ்தின்னு அவங்க சொன்னா 40 நிமிஷமா குறைங்க, 15, 15, மிச்சம் 10. பாதி பாதிய மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.