அவியலுக்கு நேந்திரங்காய் நறுக்கும்போது கத்தி வழுக்குகிறது

"மார்த்தாண்டத்தில் இருக்கிறேன், சமையலுக்குப் புதுசு. அவியலுக்கு நேந்திரங்காய் நறுக்கினால் கத்தி வழுக்கி இடது விரலில் படுகிறது. சாணை பிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது."

காய் உருளுவதுதான் முதல் காரணம், தம்பி. இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். பிறகு விரல் நீளத் துண்டுகளாக்கலாம்.

அலகின் முதுகில் ஆள்காட்டி விரலை நீட்டி வைக்காதீர்கள், கத்தி பக்கவாட்டில் திரும்பும். பிடியை ஒட்டிய அலகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். இடது கை விரல்நுனிகளை உள்ளே மடக்கினால், முட்டிதான் அலகைத் தொடும்.

தக்காளித் தோலில் அழுத்தாமலே கத்தி இறங்குகிறதா பாருங்கள். வழுக்கினால் மறுபடி தீட்ட வேண்டியதுதான். கரண்டிகளோடு சேர்த்துப் போட்டு வைத்தாலும் ஒரு மாதத்தில் கூர் மழுங்கும்; அட்டை உறை போட்டுத் தனியே வையுங்கள்.