கஸ்டமர் கேர் நம்பரைப் பில்லில் இருந்து தேடுங்கள்

கேள்வி: ஆன்லைனில் 6,499 ரூபாய்க்கு வாங்கிய மிக்ஸியைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதமாகப் பணம் வரவில்லை. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிட்டால், எடுத்தவர் போனில் ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னார். பயந்து வைத்துவிட்டேன். உண்மையான நம்பரையும் குறைதீர் அதிகாரியையும் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வைத்துவிட்டது நல்லது. அந்த ஆப் உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டியிருக்கும். ஓடிபி வந்தால் அவரே படித்துக்கொள்வார். ஒருவேளை ஆப்பை இறக்கிப் பணமும் போயிருந்தால், இதை மேலும் படிக்காமல் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் போன் செய்யுங்கள். நீங்களே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது.

இனி தேடும் வழி. பலர் முதலில் இணையதளத்தைக் கண்டுபிடித்து, அதன் அடியில் நிறுவனப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணைப் போலித் தளமும் அப்படியே நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாமே! அதனால் எதிர்த்திசையில் வர வேண்டும். உங்கள் பில்லில் தொடங்கி, அரசுப் பதிவுக்குப் போய், அங்கிருந்து இணையதளத்துக்கு வாருங்கள்.

நீங்கள் அனுப்பிய பில்லின் நகலைப் பார்த்தேன். அதில் இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருக்கின்றன. மேலே, விற்றவர் பெயருக்குப் பக்கத்தில் 33-ல் தொடங்குவது ஒன்று. அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆர்டர் எடுத்த தளத்தை நடத்தும் நிறுவனத்தின் எண். அது 29-ல் தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கமும் மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. அடுத்த பத்து எழுத்துகளும் அவர்களின் பான் எண். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். விற்றவருடையது P, அதாவது தனிநபர். அவரை நிறுவனப் பதிவேட்டில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்க மாட்டார். தளத்தினுடையது C, அதாவது கம்பெனி. F என்றிருந்தால் கூட்டு வணிகம். பணத்தைத் தளத்துக்குத்தான் கட்டினீர்கள். எனவே அந்த C-யைப் பிடிப்போம்.

services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்தப் பதினைந்து எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் வரும். விளம்பரத்தில் பார்க்கும் பிராண்டு பெயருக்கும் இதற்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருக்காது. வந்த பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து mca.gov.in. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். இலவசமாக ஒரு கணக்கு தொடங்கச் சொல்லலாம். அதில் View Company/LLP Master Data என்ற இடத்தில் பெயரைக் கொடுத்தால், ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு மூன்று கம்பெனிகள் வரிசையாக வந்து நிற்கும். பெயரின் கடைசிச் சொல் வரை ஒத்துப்போவதை எடுங்கள். நிலை Active என்று இருக்க வேண்டும். Strike Off என்றால் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்ட கம்பெனி. அங்கே சிஐஎன் என்ற 21 எழுத்து நிறுவனப் பதிவு எண் இருக்கும். அதன் ஏழாவது, எட்டாவது எழுத்துகள் பதிவு அலுவலகம் எந்த மாநிலம் என்று சொல்லும். அது ஜிஎஸ்டி மாநிலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரே கம்பெனி பல மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும்.

பதிவு அலுவலக முகவரி இங்கே கிடைத்துவிடும். கூடவே ஒரு மின்னஞ்சலும் இருக்கலாம். அது பெரும்பாலும் கம்பெனிச் செயலருடையது அல்லது ஆடிட்டர் அலுவலகத்துடையது. அதற்கு ரீபண்ட் கேட்டு எழுதினால் பதில் வராது என்பது என் அனுபவம்.

நமக்கு வேண்டிய இணையதள முகவரி ஆண்டறிக்கைப் படிவத்தில், அதாவது MGT-7-ல் இருக்கிறது. சிறிய கம்பெனி என்றால் MGT-7A. முதல் பக்கத்திலேயே தொலைபேசி, இணையதளம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. View Public Documents பகுதியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் திறந்து படிக்கலாம். படிவம் ஒரு வருடம் பழையதாக இருக்கலாம் என்பதால் தொலைபேசி எண் மாறியிருக்க வாய்ப்புண்டு. இணையதளம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதை அப்படியே மேலே உள்ள முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்யுங்கள். தேடல் பெட்டியில் போட்டால் மறுபடி விளம்பரத்தில்தான் போய் விழுவீர்கள்.

அந்தத் தளத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனி பதிவு விதிகளின் 26-வது விதிப்படி, சிஐஎன், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, குறை இருந்தால் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் எல்லாம் முகப்புப் பக்கத்திலேயே வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020 இன்னும் ஒருபடி மேலே போய், வாடிக்கையாளர் சேவை எண்ணையும், குறைதீர் அதிகாரியின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தையும் வெளியிடச் சொல்கின்றன. பக்கத்தின் அடிப்பகுதியில் Grievance Officer அல்லது Grievance Redressal என்ற இணைப்பைத் தேடுங்கள். சில தளங்களில் Terms of Use-க்குள் புதைத்து வைத்திருப்பார்கள். பெரிய கம்பெனிகளில் முதலீட்டாளர் பக்கத்தில் இருக்கும் அதிகாரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் பங்கு வைத்திருப்பவர்களுக்கு. மிக்ஸி வாங்கியவர்களுக்கு அல்ல.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியிலும் புகார் எண் ஒன்று அச்சாகியிருக்கும். பொட்டல எடையளவு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அது தயாரிப்பாளருடையது. மோட்டார் புகைந்தால் அங்கே போகலாம், ரீபண்டுக்கு உதவாது.

அதிகாரிக்குப் போன் செய்வதைவிட மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்டர் எண், திருப்பி அனுப்பிய தேதி, கூரியர் ரசீது, 6,499 ரூபாய், எந்தக் கணக்கில் இருந்து கட்டினீர்கள் என்பது போதும். கார்டு எண்ணோ யூபிஐ பின்னோ எழுதக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பெற்ற நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தில் அதிகாரியின் பெயரே இல்லையென்றால், அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதுவே தனியான விதிமீறல். அப்போது பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பலாம். கம்பெனிகள் சட்டம் பிரிவு 20-ன்படி, அந்த முகவரிக்கு அப்படி அனுப்புவது கம்பெனிக்குக் கடிதத்தைச் சேர்ப்பிப்பதற்கான முறையான வழி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள்.

இதே பிரச்சினை வங்கியிலோ இன்சூரன்ஸிலோ வந்திருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். வங்கி என்றால் கிளை அறிவிப்புப் பலகையிலும், இன்சூரன்ஸ் என்றால் பாலிசி ஆவணத்திலும் குறைதீர் விவரம் இருக்கும்.

ஒரு மாதம் கடந்தும் பணம் வராவிட்டால் நீங்கள் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் ஆணையத்திலேயே புகார் செய்ய விடுகிறது. e-jagriti.gov.in வழியாகவும் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. எதிர்தரப்பின் பெயர் என்ற கட்டத்தில் பிராண்டு பெயரைப் போடாமல், ஜிஎஸ்டி தளத்தில் குறித்துக்கொண்ட அந்த முழுப்பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதுங்கள். P என்று வந்த விற்பனையாளரை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள்.