சொட்டும் குழாயில் மாதம் ஆயிரம் லிட்டர் போகுமா?

கேள்வி: சமையலறைக் குழாய் நிமிடத்துக்கு 40 சொட்டு சொட்டுகிறது. மாதம் ஆயிரம் லிட்டர் வீணாகும், குழாயையே மாற்றுங்கள் என்கிறார் பிளம்பர். நெட்டில் பார்த்தால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கணக்கு. எதை நம்புவது?
– வாசகி, மதுரை

பதில்: சொட்டின் அளவை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதால்தான் கணக்கு மாறுகிறது. 20 சொட்டு ஒரு மில்லி என்பது மருந்துக்கடைக் கணக்கு. அதன்படி உங்கள் குழாயில் மாதம் 86 லிட்டர்தான் போகும். ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்தால் அதுவே 432 லிட்டர். இரண்டுமே உங்கள் குழாயை அளந்து சொன்னதல்ல. சொட்டு எவ்வளவு பெருத்து விழும் என்பது முக்கியமாகக் குழாய் வாயின் அகலத்தைப் பொறுத்தது. சொட்டு மருந்து பாட்டிலின் குறுகிய முனை எங்கே, குழாயின் வாய் எங்கே!

அதனால் நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு டம்ளரை அடியில் வைத்து சரியாக 100 சொட்டு எண்ணிப் பிடியுங்கள். டம்ளரைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தெறிக்காது. பிடித்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளங்கள். பத்து சொட்டு போதாதா என்றால் போதாது. டம்ளரில் ஒட்டி நிற்கும் ஈரமே கணக்கைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் 100 சொட்டுக்கு 14 மில்லி வந்தது, அதாவது சொட்டுக்கு 0.14.

30 நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். ஆகவே நிமிடச் சொட்டு × சொட்டின் மில்லி × 43.2 என்று பெருக்கினால் மாத லிட்டர் கிடைக்கும். உங்கள் சொட்டும் எங்களுடையதைப் போலவே இருந்தால் 40 × 0.14 × 43.2, சுமார் 242 லிட்டர். இருபது லிட்டர் கேனில் பன்னிரண்டு! ஆனால் ஆயிரம் லிட்டர் போக வேண்டுமானால் அதே சொட்டு நிமிடத்துக்கு 165 விழ வேண்டும். அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்து எண்ணுவதே கஷ்டம். பிளம்பர் நான்கு மடங்கு கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு தடவை எண்ணி முடிவு செய்யாதீர்கள். மேல்தொட்டி நிரம்பியிருக்கும்போது அழுத்தம் கூடி வேகமாகச் சொட்டலாம். இரவு பாத்திரம் வைத்துக் காலையில் அளந்தால் இன்னும் நம்பகமானது: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லியோ, அதை 0.72 ஆல் பெருக்கினால் மாத லிட்டர் கிடைக்கும். சொட்டு நூல்போல ஒழுக ஆரம்பித்துவிட்டால் இந்த வழி ஒன்றுதான்.

சரி, குழாயை மாற்ற வேண்டுமா? பல சுற்று திருகி மூடும் பழைய வகையானால் முதலில் வாஷரை மாற்றச் சொல்லுங்கள், சில ரூபாய்தான். கால் சுற்றில் மூடும் வகையானால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை மட்டும் மாற்றலாம். புது வாஷர் போட்டும் சில நாளில் மறுபடி சொட்டினால், வாஷர் உட்காரும் இடம் அரித்திருக்கும். அப்போது பிளம்பர் சொன்னபடி புதுக் குழாய் வாங்கலாம்.