ஊசல் கணக்கில் விடையைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: தனி ஊசல் சோதனையில் g கண்டுபிடித்தேன். கால்குலேட்டர் 9.802138 காட்டுகிறது. இது சரியா என்று அலகை வைத்து எப்படிப் பார்ப்பது? எத்தனை தசமம் எழுத வேண்டும்? நீளம் 80.0 செ.மீ., 20 அலைவுக்கு 35.9 வினாடி.

பதில்: சூத்திரம் g = 4π²L/T². எண்களைப் போடும் முன் அலகுகளை மட்டும் போட்டுப் பாருங்கள். L மீட்டர், T² வினாடியின் வர்க்கம், ஆகவே m/s² வருகிறது. முடுக்கத்துக்கு அதுதான் அலகு. அவசரத்தில் T-யை வர்க்கப்படுத்த மறந்திருந்தால் m/s வரும், அது வேகம். பின்னத்தைத் தலைகீழாக எழுதியிருந்தால் s²/m வரும். இரண்டுமே அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். எண்ணோடு அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொண்டே போனால், செ.மீ.யை மீட்டராக்க மறந்து 980 வந்தாலும் பக்கத்தில் cm/s² என்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் 4π²-ஐ விட்டுவிட்டால் அலகு வாயே திறக்காது. அது அலகில்லாத வெறும் எண். L/T² மட்டும் போட்டால் 0.248 m/s² வரும். அலகு கச்சிதம், விடை தப்பு. ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதையே ஒரு அலைவு என்று எண்ணியிருந்தாலும் இதே கதைதான்: T பாதியாகி, g நான்கு மடங்காகி 39 பக்கம் போய் நிற்கும். இதையெல்லாம் விடையின் அளவைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

சரி, தசமத்துக்கு வருவோம். 80.0, 35.9 இரண்டிலும் மூன்று முக்கிய எண்ணுருக்கள். 20 என்பது எண்ணியது, அளந்தது அல்ல; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 4π²-க்கும் அப்படியே. எனவே விடை 9.80 m/s². கடைசிப் பூஜ்யத்தை விட்டு 9.8 என்று எழுதினால், மூன்று எண்ணுருவுக்கு அளந்ததை இரண்டாகக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

இங்கே பலர் செய்வது, T = 1.795 என்று வந்ததுமே அதை 1.80 ஆக்கிவிடுவது. அப்போது T² = 3.24, g = 9.75. முழுமையாக்கியதிலேயே 0.05 போய்விட்டது. T வர்க்கமாக இருப்பதால் அதில் வரும் சதவீதப் பிழை விடையில் இரட்டிப்பாகிறது. நடுவில் வரும் எண்களை கால்குலேட்டரிலேயே விட்டுவையுங்கள், கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்கினால் போதும்.

இன்னொன்று: நிறுத்துகடிகாரத்தை 0.1 வினாடி தாமதமாக அழுத்தி 36.0 என்று வந்திருந்தாலும் T 1.80 ஆகி, அதே 9.75 தான் கிடைத்திருக்கும். கையால் அழுத்தும்போது அந்த அளவு தாமதம் சர்வசாதாரணம். அதனால் உங்கள் 9.80-இல் கடைசி இலக்கமே கொஞ்சம் ஆட்டம்தான். அதற்கு அப்புறம் உள்ள 2138-க்கு அர்த்தமே இல்லை.