மாசம் எவ்வளவு கட்டாயமா போகுது? ஸ்டேட்மெண்ட்டுலயே இருக்கு

கேள்வி: சார், மார்த்தாண்டத்துலேர்ந்து எழுதுறேன். வீட்டுக்காரரு துபாய்லேர்ந்து பைசா அனுப்புறாரு, பத்தாம் தேதிக்குள்ள தானாவே எல்லாம் புடிச்சிட்டுப் போயிருது. எது எதுக்குப் போகுதுன்னு எப்படி லிஸ்ட் போடறது?

பதில்: தங்கச்சி, மூணு மாச ஸ்டேட்மெண்ட் போதாது, ஒரு வருஷத்துக்கு எக்செல்ல எடுங்க. எல்.ஐ.சி. மூணு மாசத்துக்கு ஒருதடவையா இருக்கலாம், பிரதமர் காப்பீட்டு பிரீமியம் 436 ரூபாயும் 20 ரூபாயும் வருஷத்துக்கு ஒருக்கா மே கடைசில புடிப்பாங்க, மூணு மாசத்துல எல்.ஐ.சி. ஒரே ஒரு தடவைதான் வரும், காப்பீட்டு பிரீமியம் சிக்காமலே போயிரலாம். எடுத்ததும் தேதி வாரியா பாக்காம விவரப் பத்தியை அகர வரிசைல அடுக்குங்க, ஒரே கடனோட வரியெல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வந்து நிக்கும்.

வெளிக் கம்பெனி இ.எம்.ஐ. பெரும்பாலும் `ACH D` இல்ல `NACH`னு தொடங்கும், உங்க பேங்கே மாத்துற ஆர்.டி. தவணைக்கு `SI`னு இருக்கும், போன்ல ஓகே பண்ணின ஆட்டோபேக்கு `MANDATE`னு வரும். பேங்குக்கு பேங்க் கொஞ்சம் மாறும். கடைப் பேரைத் தேடாதீங்க, பைக் வாங்கின ஷோரூம் பேரு வராது, கடன் குடுத்த பைனான்ஸ் பேருதான் வரும். அதே பைனான்ஸ்ல பைக்கும் போனும் வாங்கியிருந்தா பேரு ஒண்ணுதான், கடைசில இருக்க நம்பர்தான் வேற. அதனால பேரை எண்ணாம நம்பரை எண்ணுங்க.

எல்லாரும் ஏமாறுற இடம் பவுன்ஸ். ஒரு வீட்டு கணக்கு சொல்றேன்: பைக் தவணை 3,240, அஞ்சாம் தேதி. 2021 ஆகஸ்ட்லேர்ந்து இந்த `NACH` பிடிப்பு ஞாயித்துக்கிழமையும் ஓடும், அந்த மாசம் அஞ்சாம் தேதி ஞாயிறு, துபாய் பைசா திங்கக்கிழமைதான் வந்துச்சு. அப்போ ஸ்டேட்மெண்ட்டுல 3,240 பற்று, அதே 3,240 வரவுல திரும்பி வந்துருக்கு, 12ஆம் தேதி மறுபடி 3,240 பற்று, கூடவே 590. பற்றை மட்டும் கூட்டுறவங்க அந்த மாசம் 6,480 தவணைன்னு எழுதுவாங்க, உண்மையில ஒரு தவணைதான். 590ங்கறது 500 அபராதமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதை லிஸ்ட்ல சேக்காதீங்க, ஆனா எத்தனை தடவை வந்துருக்குன்னு பாத்து வைங்க. பைனான்ஸ்காரன் அவன் பங்குக்கு தனியா பவுன்ஸ் சார்ஜ் போடுவான், அது இங்க தெரியாது, கடன் ஸ்டேட்மெண்ட்டுல இருக்கும்.

அந்த வீட்டுக்கு வந்த லிஸ்ட்: பைக் 3,240, போன் 1,899, ஆர்.டி. 2,000, ஆட்டோபே 199, எல்.ஐ.சி. மூணு மாசத்துக்கு 4,350ன்னா மாசம் 1,450, பிரதமர் காப்பீடு 436ம் 20ம் சேந்த 456ஐ பன்னெண்டால வகுத்தா 38. மொத்தம் 8,826. இதுல ஆர்.டி. சேமிப்பு, பைக், போன் மாதிரி கடன் இல்ல, அதனால தனியா குறிங்க.

சீட்டுப் பணம் ஜிபேல நீங்களே அனுப்புறீங்கன்னா அது `ACH D`, `SI` மாதிரி எந்த அடையாளத்துலயும் மாட்டாது, ஒரே ஆளுக்கு மாசாமாசம் ஒரே தொகை போகுதான்னு கண்ணாலதான் பாக்கணும், கையில குடுக்கறதுன்னா அதுவும் கிடையாது, சீட்டு நோட்டைப் பாத்து நீங்களே எழுதிக்கணும்.